செத்த குட்டியும் பிழைத்த குட்டியும்: கால்நடை, வேளாண் படிப்புக்கு விண்ணப்பக் கட்டுரை எழுதுவது எப்படி?

கட்டுரை யாருக்குத் தேவை என்பதை முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் சரி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சரி, இளநிலைப் படிப்புக்குக் கட்டுரை எதுவும் கேட்பதில்லை. மதுரை ஒத்தக்கடையில் இருக்கும் வேளாண் கல்லூரிக்கும் இதேதான். பிளஸ் டூ மதிப்பெண்ணில் கட்-ஆஃப் போட்டு, தரவரிசைப்படி கலந்தாய்வுக்குக் கூப்பிடுவார்கள். கால்நடை மருத்துவத்தில் அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு நீட் மதிப்பெண் பார்ப்பார்கள். அங்கே உங்கள் வீட்டு ஆடுமாடு அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது.

கட்டுரை கேட்பது வேறு இடங்களில். வெளிநாட்டில் இளநிலையோ முதுநிலையோ படிக்க விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள், பல உதவித்தொகைகளுக்கும் கேட்பார்கள். பிரிட்டனில் இளநிலை என்றால் யுகாஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகப் போக வேண்டும். முன்பு ஒரே நீளக் கட்டுரையாக எழுத வேண்டியிருந்தது. 2026-இல் சேர்பவர்களிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் படிப்பு உங்களுக்கு ஏன் வேண்டும், உங்கள் பள்ளிப் படிப்பு இதற்கு எப்படித் தயார்படுத்தியது, பள்ளிக்கு வெளியே நீங்கள் என்ன செய்தீர்கள், அது எப்படிப் பயன்பட்டது என்பவை அந்த மூன்றும். மூன்று பதிலுக்கும் சேர்த்து 4000 எழுத்து, இடைவெளியும் அதில் அடக்கம். ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 எழுத்து இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 4000 எழுத்து என்பது ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம்தான் வரும். அதனால் எதைச் சொல்வது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் அதிக நேரம் போகும்.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் முதல் வரைவு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. “சிறு வயதிலிருந்தே விலங்குகள் என்றால் எனக்கு உயிர். தினமும் காலையில் எழுந்து மாடு கறப்பேன், ஆடு மேய்ப்பேன், அப்பாவுக்கு வயலில் உதவுவேன்.” எல்லாம் உண்மைதான். ஆனால் படிக்கிறவருக்கு இதிலிருந்து நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்பது மட்டும் தெரிகிறது. வேலை செய்யும்போது எதைக் கவனித்தீர்கள், கவனித்ததை வைத்து என்ன யோசித்தீர்கள் என்பது தெரியவில்லை. நகரத்துப் பிள்ளை ஒரு நாய்க் காப்பகத்தில் இரண்டு வாரம் வேலை பார்த்துவிட்டு எழுதுகிற கட்டுரைக்கும் இதற்கும் அப்புறம் வித்தியாசமே இல்லாமல் போகிறது. உங்களிடம் இருப்பது அதைவிட எவ்வளவோ பெரியது. அதை எடுத்து வைக்கிற வழியைத்தான் இங்கே ஒரே ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்லப் போகிறேன்.

எந்தச் சம்பவத்தை எடுப்பது

பத்து அனுபவங்களைப் பட்டியல் போடாதீர்கள். ஒன்றை எடுங்கள். அது பெரிய சாதனையாக இருக்க வேண்டியதில்லை. “இது ஏன் இப்படி நடந்தது?” என்று உங்களுக்கே புரியாமல் நின்ற சம்பவமாக இருந்தால் போதும். அதிலும், ஒரே மந்தையில் ஒன்றுக்கு நடந்து இன்னொன்றுக்கு நடக்காத விஷயம் என்றால் மிகவும் நல்லது. ஒரே கொட்டம், ஒரே தீவனம், ஒரே தண்ணீர். அப்படியிருந்தும் ஒன்று செத்தது, மற்றொன்று பிழைத்தது. அந்த வித்தியாசத்துக்குள்ளேதான் காரணம் ஒளிந்திருக்கும்.

பேரையூர்ப் பக்கத்து மாணவி ஒருவரின் சம்பவத்தை எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க ஊர், எண்ணிக்கை போன்ற சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் நாற்பது செம்மறி இருக்கின்றன. கரிசல் காட்டில் மானாவாரியாகச் சோளமும் மக்காச்சோளமும் போடுவார்கள். தாத்தாதான் ஆட்டைப் பார்த்துக்கொள்கிறார். அக்டோபரில் முதல் மழை நன்றாக இறங்கியது. நாலைந்து நாளில் காடெல்லாம் புதுப்புல் முளைத்து, மந்தையை அதில் விட்டார்கள். மறுநாள் விடிகாலை பட்டியில் இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. முந்தின நாள் மாலை வரை அவை துள்ளி விளையாடியதாக அந்தப் பெண்ணே பார்த்திருக்கிறார். தாத்தா சொன்ன காரணம்: “கொழுத்த குட்டியாப் பார்த்து எவன் கண்ணோ பட்டிருச்சு பாப்பா.”

அந்தப் பெண் இதைத் தன் முதல் வரைவில் எப்படி எழுதியிருந்தார் தெரியுமா? “என் கண் முன்னே குட்டிகள் இறந்தன. அன்றே கால்நடை மருத்துவராவது என்று முடிவு செய்தேன்.” அவ்வளவுதான். சம்பவத்தின் சதை முழுவதையும் அந்த இரண்டு வரி விழுங்கிவிட்டது.

நோட்டில் எழுதி வையுங்கள்

கட்டுரையை ஆரம்பிக்கும் முன் நடந்ததைத் தமிழில், நடந்த வரிசையில், ஒரு நோட்டில் எழுதுங்கள். அழகாக இருக்க வேண்டாம். நீங்கள் நேரில் பார்த்ததைத் தனியாகவும், மற்றவர்கள் சொல்லிக் கேட்டதைத் தனியாகவும் எழுதுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பின்னால் நேர்காணலில் “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டால் பதில் இங்கேதான் இருக்கும்.

அவரிடம் நான் கேட்ட கேள்விகள் சாதாரணமானவை. செத்த குட்டிக்கு என்ன வயது? ஜூனில் பிறந்தது, அப்போது நாலு மாதம். தாய்க்கு ஒரே குட்டியா, இரட்டையா? இரண்டுமே ஒத்தைக் குட்டி. அந்த ஈத்தில் இரட்டைக் குட்டி ஏதும் இருந்ததா? ஒரு ஜோடி இருந்தது, கொஞ்சம் வற்றலாக இருக்கும், இரண்டும் நன்றாக இருக்கின்றன. பெரிய ஆடு ஏதாவது செத்ததா? இல்லை. வயிறு உப்பியிருந்ததா? கொஞ்சம். மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம்? இல்லை. கழிச்சல், சளி, வாய்ப்புண்? எதுவும் இல்லை. அன்றைக்கு எத்தனை மணிக்கு மந்தையை விட்டீர்கள்? வழக்கமாகத் தாத்தா வெயில் ஏறின பிறகு, கொஞ்சம் காய்ந்த சோளத்தட்டையோ கடலைக்கொடியோ போட்டுவிட்டுத்தான் விடுவாராம். அன்றைக்குத் தாத்தா ஊரில் இல்லை. அப்பா விடிந்ததும் வெறும் வயிற்றோடு விட்டுவிட்டார்.

பாருங்கள், கண்ணேறு என்று ஒற்றைச் சொல்லில் முடிந்த விஷயத்துக்குள் எத்தனை தகவல் கிடந்தது. கொழுத்த ஒத்தைக் குட்டி செத்திருக்கிறது, வற்றிய இரட்டைக் குட்டி பிழைத்திருக்கிறது. தட்டை போட்ட நாட்களில் ஒன்றும் ஆகவில்லை, போடாத நாளில் ஆகியிருக்கிறது. கொழுத்ததுதான் போயிற்று என்று தாத்தா பார்த்தது மிகச் சரியான கவனிப்பு. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் வேறு.

வீட்டு விளக்கத்தையும் பாட விளக்கத்தையும் பக்கத்தில் வையுங்கள்

இந்தச் சாவுக்குக் கிராமத்தில் துள்ளுமாரி என்று பெயர் உண்டு. புத்தகத்தில் என்டிரோடாக்ஸீமியா என்று இருக்கும். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் டி வகை என்ற நுண்ணுயிர் ஆட்டின் குடலில் சாதாரணமாகவே கொஞ்சம் இருக்கும், அதனால் தொல்லை இல்லை. திடீரென்று இளம்புல்லோ தானியமோ நிறைய உள்ளே போகும்போது செரிக்காத மாவுச்சத்தும் சர்க்கரையும் சிறுகுடலுக்கு வந்து சேர்கின்றன. அதைத் தின்று அந்த நுண்ணுயிர் பல மடங்கு பெருகி ஒரு நஞ்சை உண்டாக்குகிறது. நஞ்சு ரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. குட்டி துள்ளி விழுந்து, கழுத்தைப் பின்னால் வளைத்து, காலை உதைத்துச் சாகும். பல நேரம் யாரும் அதைப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இப்போது ஒத்தைக் குட்டி ஏன் செத்தது என்பது புரிகிறதா? தாய்ப்பால் முழுவதும் அதற்கே. பாலும் நிறையக் குடித்து, அதன்மேல் புதுப்புல்லையும் வயிறு முட்ட மேய்ந்திருக்கிறது. இரட்டைக் குட்டிகள் பாலைப் பங்கு போட்டுக்கொண்டன. பெரிய ஆடுகளுக்கு வருடா வருடம் தடுப்பூசி போட்டதால் எதிர்ப்பு சக்தி இருந்திருக்கலாம். தாத்தா போட்ட தட்டையும் கடலைக்கொடியும் பசியை அடக்கிப் புல் தின்கிற வேகத்தைக் குறைத்திருக்கின்றன. “பனி காயட்டும்” என்று அவர் காத்திருந்ததற்கு அவர் சொல்லும் காரணம் ஈரப்புல் ஆகாது என்பது. துள்ளுமாரிக்கு ஈரம் காரணமில்லை. ஆனால் ஈரப்புல்லின் நுனியில் குடற்புழுவின் இளம்பருவங்கள் ஏறி நிற்கும் என்பதால், வேறொரு நோய்க்கு அந்தப் பழக்கம் உண்மையிலேயே நல்லது.

கட்டுரையின் உயிர் இந்த இடம்தான். தாத்தாவின் பழக்கம் சரி, காரணம் வேறு என்று நிதானமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையை எந்தத் தேர்வுக்குழுவும் கவனிக்கும். “எங்கள் ஊரில் மூடநம்பிக்கை நிறைந்திருக்கிறது, நான் படித்து வந்து மாற்றுவேன்” என்று எழுதினால் தாத்தாவின் ஐம்பது வருடக் கவனிப்பு குப்பைக்குப் போய்விடும். “நம் முன்னோர்கள் எல்லாம் அறிந்தவர்கள்” என்று எழுதினாலும் யோசிக்க ஒன்றுமில்லாமல் போய்விடும். இரண்டு பக்கமும் சாயாதீர்கள்.

வேறு எதுவாக இருந்திருக்கலாம்?

இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு விளக்கம் கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆடு திடீரென்று சாக வேறு காரணங்களும் உண்டு. கரிசல் காட்டில் இரண்டைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

ஒன்று, சோள நஞ்சு. இளஞ்சோளப் பயிரிலும், அறுத்த பிறகு துளிர்க்கும் மறுதாம்பிலும், வறட்சியில் வாடி நிற்கும் சோளத்திலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதை மேய்ந்த ஆடு பெரும்பாலும் சிறிது நேரத்தில் மேய்ந்த இடத்திலேயே மூச்சுத் திணறி விழும். பெரியது சின்னது என்று பார்க்காது. இந்த வீட்டில் மந்தை அன்றைக்குச் சோளக் கொல்லைப் பக்கம் போகவில்லை, சாவும் இரவில் பட்டியில் நடந்திருக்கிறது, பெரிய ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. அதனால் சோள நஞ்சுக்கு வாய்ப்புக் குறைவு.

இன்னொன்று அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ். இதிலும் நன்றாக இருந்த ஆடு திடீரென்று சாகும். மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கருநிற ரத்தம் வரலாம். இது மனிதருக்கும் தொற்றும். சந்தேகம் இருந்தால் உடலை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது. காற்றுப் பட்டால் அந்த நுண்ணுயிர் விதை மாதிரி ஓடு கட்டி மண்ணில் பல வருடம் கிடக்கும். ரத்தம் வரவில்லை என்பதை மட்டும் வைத்து அடைப்பான் இல்லையென்று முடிவு கட்டவும் முடியாது. அந்த ஊருக்கு வந்த கால்நடை மருத்துவர் முதலில் காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிச் சோதித்துவிட்டு, அப்புறம்தான் குட்டியை அறுத்துப் பார்த்தார். அந்த வரிசையையே அந்தப் பெண் கட்டுரையில் ஒரு வரியாக எழுதினார். ஒரு மருத்துவர் எப்படி யோசிக்கிறார் என்பதை அவர் கவனித்திருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அறுத்துப் பார்த்ததில் இதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருந்தது, சிறுகுடல் சிவந்திருந்தது. “துள்ளுமாரி மாதிரிதான் தெரியுதும்மா” என்றார் மருத்துவர். ஆய்வகத்துக்கு எதுவும் அனுப்பவில்லை. குடல் நீரில் அந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதித்தால்தான் உறுதி. சிறுநீரகம் கூழ் மாதிரி ஆவதும் இந்த நோயின் அடையாளம்தான், ஆனால் செத்து நேரமானால் எந்த ஆட்டின் சிறுநீரகமும் இளகிவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. ஆகவே கட்டுரையில் “துள்ளுமாரியால் இறந்தன” என்று எழுதக் கூடாது. “துள்ளுமாரி என்று மருத்துவர் சந்தேகித்தார், ஆய்வக உறுதி இல்லை” என்றுதான் எழுத வேண்டும். இந்த ஒரு வரியால் உங்கள் மேல் நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது.

உங்கள் ஊர் மருந்தகத்து மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். காலை நேரத்தில் கூட்டமாக இருக்கும், மதியத்துக்கு மேல் போங்கள். “சார், இது என்ன நோய்?” என்று கேட்டால் பெயர் மட்டும்தான் கிடைக்கும். “சார், நான் இதையெல்லாம் பார்த்தேன், இது துள்ளுமாரி இல்லாமல் வேறு எதுவாக இருக்கலாம்?” என்று நோட்டைக் காட்டிக் கேளுங்கள், உட்கார வைத்துப் பேசுவார்.

கேள்வி எங்கே பிறக்கிறது

காரணத்தைக் கண்டுபிடித்தது கட்டுரையின் பாதிதான். அதிலிருந்து உங்களுக்கு ஒரு கேள்வி வர வேண்டும், அந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் கல்லூரிக்குப் போகிறீர்கள். அந்தப் பெண்ணின் வீட்டில் துள்ளுமாரித் தடுப்பூசி போடாமலில்லை. ஆகஸ்டில் ஊரில் முகாம் நடந்தபோது பெரிய ஆடுகளுக்குப் போட்டார்கள். ஜூனில் பிறந்த குட்டிகளுக்கு அப்போது இரண்டு மாதம், சின்னது என்று விட்டுவிட்டார்கள். சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு சில மாதங்களில் தேய்ந்துவிடும். அக்டோபரில் மழை வந்து புல் முளைத்தபோது குட்டிகள் கையில் கேடயம் இல்லாமல் நின்றன.

அவருடைய கேள்வி இப்படி உருவானது: முகாம் நடக்கும் நாள், குட்டி ஈனும் பருவம், மழை தொடங்கும் காலம் மூன்றையும் எப்படிப் பொருத்துவது? சினையின் கடைசி மாதத்தில் தாய்க்கு ஊசி போட்டால் சீம்பாலில் பாதுகாப்புக் கூடும் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் ஒரே மந்தையில் ஆடுகள் வெவ்வேறு மாதத்தில் ஈனும்போது அதை எப்படிச் செய்வது? கிடா சேர்க்கும் காலத்தைக் கட்டுப்படுத்தினால் முடியுமா? அப்படிச் செய்தால் ஆடித் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் விற்கிற குட்டிக்கு என்ன ஆகும்? பாருங்கள், இது மருந்து மட்டும் சார்ந்த கேள்வியே இல்லை. இனப்பெருக்கம், சந்தை, மேய்ச்சல் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. மந்தை மருத்துவம் என்று தனியாகப் படிக்கிற விஷயமே இதுதான், அதன் பெயர் தெரியாமலே அந்தப் பெண் வாசல் வரை வந்திருந்தார்.

வேளாண்மைக்கு விண்ணப்பிப்பவர் இதே சம்பவத்தை வேறு பக்கத்திலிருந்து எழுதலாம். நம் பக்கத்தில் அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவார்கள், உரத்துக்காக. மக்காச்சோளம் அறுத்த காட்டில் உதிர்ந்த மணி கிடக்கும். ஆடு அதைப் பொறுக்கித் தின்றால் அதுவும் திடீர் மாவுச்சத்துதான். நிலத்துக்காரருக்கு எரு வேண்டும், கிடை ஆட்டை மேய்க்கும் கீதாரிக்கு ஆடு பிழைக்க வேண்டும். கிடை போடும் முன் சிதறிய கதிரைப் பொறுக்குவது யார் வேலை என்பது கூட ஒரு வேளாண் கேள்விதான்.

ஆடே இல்லாத வீட்டுக்கும் முறை மாறாது. உளுந்துக் கொல்லையில் செடி மஞ்சளானால், எந்த இலை, எந்த இடம் என்று பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகளில் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தால் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமலை நினைக்கலாம். தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் ஒரு பட்டையாக, கொழுந்து இலைகள் மட்டும் நரம்பு பச்சையாக நிற்க வெளுத்தால் இரும்புச்சத்துக் குறையை நினைக்கலாம். முதலாவதற்கு நோயுற்ற செடியை ஆரம்பத்திலேயே பிடுங்குவதும் அடுத்த முறை எதிர்ப்புள்ள ரகம் போடுவதும் வழி, பிடுங்கினால் இரண்டாவது தீராது. உங்கள் அப்பா பிடுங்கினாரா, பிடுங்கியும் ஏன் பரவியது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

இனி எழுதலாம்

நோட்டும் கேள்வியும் தயாரான பிறகு எழுதுவது கஷ்டமில்லை. அந்தப் பெண்ணின் கட்டுரையிலிருந்து ஒரு பத்தி, அவர் தமிழில் எழுதி வைத்துப் பிறகு ஆங்கிலமாக்கியது:

“முதல் மழைக்குப் பிறகு எங்கள் பட்டியில் நாலு மாதக் குட்டிகள் இரண்டு ஓர் இரவில் இறந்தன. இரண்டும் ஒத்தைக் குட்டிகள், மந்தையிலேயே கொழுத்தவை. மெலிந்த இரட்டைக் குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால்நடை மருத்துவர் அடைப்பான் இல்லையென்று பார்த்துவிட்டு உடலைத் திறந்தார், துள்ளுமாரி என்று சந்தேகித்தார், ஆய்வக உறுதி கிடைக்கவில்லை. புதுப்புல்லில் விடும் முன் தாத்தா எப்போதும் காய்ந்த தீவனம் போடுவார், அன்று அது தவறியது. அவர் பழக்கம் எதைத் தடுத்துக்கொண்டிருந்தது என்பதை அதற்கப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் குட்டிகள் தடுப்பூசி முகாமுக்குச் சிறியவை, மழைக்குப் பெரியவை. அந்த இடைவெளியை எப்படி மூடுவது என்பதுதான் என் கேள்வி.”

இதில் கண்ணீர் என்று ஒரு சொல் இல்லை, விலங்கு மேல் அன்பு என்றும் இல்லை. இரண்டும் இல்லாமலே அந்தப் பெண் எவ்வளவு அக்கறையோடு பட்டியில் நின்றார் என்று தெரிகிறது. “சிறியவை, பெரியவை” என்ற வரியை எழுதியது அவரேதான். நான் கை வைக்கவில்லை, அப்படியொரு வரி உட்கார்ந்து தேடினால் வராது.

யுகாஸ் விண்ணப்பத்தில் இந்தப் பத்தியை முதல் கேள்விக்குப் போடுங்கள். மூன்றாவது கேள்வியில் சம்பவத்தைத் திரும்பச் சொல்லாமல், அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பெண் அடுத்த ஈத்திலிருந்து ஒவ்வொரு குட்டிக்கும் பிறந்த தேதி, ஒத்தையா இரட்டையா, ஊசி போட்ட தேதி மூன்றையும் எழுதத் தொடங்கினார். விடுமுறையில் மருந்தகத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். இரண்டாவது கேள்விக்கு உயிரியலில் படித்த நொதி, செரிமானம் பாடத்தை இதோடு சேர்த்தார். குடலில் புரதம் செரிக்கும் டிரிப்சின் நொதிதான் இந்த நஞ்சையும் முழு வீரியத்துக்குக் கொண்டுவருகிறது என்பதைப் படித்தபோது, பாடப்புத்தகத்து நொதி தன் வீட்டுப் பட்டியில் வேலை செய்ததை எழுத அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. பிரிட்டனின் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் விலங்குகளோடு வேலை செய்த அனுபவத்தையும் தனியாகப் பார்க்கும். உங்கள் வீட்டு மந்தை அதில் முக்கியமான பகுதிதான், ஆனாலும் ஒரு மருந்தகமோ கோழிப் பண்ணையோ பால்பண்ணையோ வெளியே ஓரிடம் பார்த்திருப்பது நல்லது.

ஆங்கிலமாக்கும்போது ஒரு சிக்கல் வரும். கிடை, கீதாரி, தட்டை போன்றவற்றுக்கு நேர்ச்சொல் தேடி அலையாதீர்கள். அது என்ன செய்கிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போங்கள். நோயின் பெயருக்கு மட்டும் மருத்துவப் பெயர் போடுங்கள், எழுத்துப் பிழை இல்லாமல். இணையத்தில் கிடக்கும் மாதிரிக் கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியம்கூட எடுக்காதீர்கள். யுகாஸ் எல்லாக் கட்டுரைகளையும் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, ஒத்திருந்தால் நீங்கள் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுக்கும் தகவல் போகும்.

அனுப்பும் முன்

இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒருவர் வீட்டில் அந்த மந்தையைப் பார்த்துக்கொள்பவர், அவருக்குத் தமிழில். “நான் அப்படிச் செய்யலயே” என்று அவர் சொன்னால் திருத்துங்கள். இன்னொருவர் கால்நடை மருத்துவர், நோயைப் பற்றிச் சொன்னது சரியா என்று பார்க்க. ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் மொழியை மட்டும் பார்க்கட்டும். அவர் கவிதைநயம் சேர்க்க வந்தால் அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நேர்காணலில் இந்தப் பத்தியைத்தான் பிடித்துக் கேட்பார்கள். “நாளை காலை மறுபடியும் ஒரு குட்டி செத்துக் கிடந்தால் என்ன செய்வாய்?” என்பது மாதிரிக் கேள்வி வரும். தடுப்பூசி போடுவேன் என்று ஆரம்பிக்காதீர்கள், அது அன்றைக்கு வேலை செய்யாது. உடம்பு பாதுகாப்பு உண்டாக்க நாளாகும், முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் இரண்டாவது ஊசியும் வேண்டும். உடலைத் தொடாமல், அறுக்காமல், நாய் இழுக்காதபடி மூடி வைத்துவிட்டு மருத்துவருக்குச் சொல்வேன். மீதி மந்தையைப் புதுப்புல்லிலிருந்து அன்றே நிறுத்திக் காய்ந்த தீவனத்துக்கு மாற்றுவேன். முந்தின நாள் எங்கே மேய்ந்தன, எது என்ன தின்றது என்று மேய்த்தவரிடம் கேட்டு எழுதி வைப்பேன். குட்டிகளுக்கு ஊசி எப்போது போடலாம் என்பதை மருத்துவர் வந்ததும் கேட்பேன். இந்த வரிசையில் சொல்லுங்கள், ஏன் இந்த வரிசை என்று அடுத்த கேள்வி வந்தால் அடைப்பானிலிருந்து ஆரம்பியுங்கள்.